கடைக்கு மட்டும் கொடுத்த மெயில் முகவரிக்குக் காணி விளம்பரம் வருது. வித்தது யார் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடலோரத்தெரு (வெள்ளவத்தை) · பெப்ரவரி 11

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்தமா ஒரு டொமைன் இருக்கு. ரெண்டு வருசமா ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் ஒவ்வொரு முகவரி குடுத்துக்கொண்டு வாறன். தளத்தின்ர பேரை முன்னால போட்டு, பின்னால என்ர டொமைன். எல்லாம் ஒரே பெட்டிக்குள்ளதான் வந்து விழும்.

போன நவம்பரில காலி வீதியில இருக்கிற ஒரு உடுப்புக் கடையின்ர தளத்தில சேர்ட் ரெண்டு எடுத்தன். அந்தக் கடைக்கு மட்டும் குடுத்த முகவரிக்கு நேற்று ஒரு மெயில்: ஹோமாகமப் பக்கம் பத்து பேர்ச் காணித் துண்டுகள், தவணை முறையில எண்டு. அந்த முகவரியை நான் வேற எங்கயும் எழுதினதே இல்லை.

கடைக்குப் போன் எடுத்து “நீங்கள்தான் என்ர முகவரியை வித்திருக்கிறியள்” எண்டு சொல்லலாமா? சொன்னா நிக்குமா?

---

பழைய மாணவன் · பெப்ரவரி 11

இதில யோசிக்க என்ன இருக்கு தம்பி? அந்தக் கடைக்கு மட்டும்தான் குடுத்தது, வேற ஆளிட்ட இருந்து மெயில் வந்திருக்கு. வித்திட்டாங்கள். பேரைப் போட்டு எழுதுங்கோ, மற்றச் சனமாவது தப்பும்.

இன்னொண்டு, இதுக்குக் காசு குடுத்து டொமைன் வாங்கத் தேவையில்லை. ஜீமெயிலில உங்கட பேருக்குப் பின்னால `+` போட்டுக் கடையின்ர பேரை எழுதினாலே காணும். நான் எல்லா இடமும் அப்பிடித்தான் குடுக்கிறனான். இண்டுவரைக்கும் ஒருத்தனும் என்ர முகவரியை விக்கேல்லை.

---

தபால்காரன் (மருதானை) · பெப்ரவரி 11

பேரைப் போட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நான் மெயில் சேர்வர் பார்க்கிற வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் பாதிப் பேர் கடைசியில் வேறு பதிலோடுதான் போயிருக்கிறார்கள்.

முதலில் பழைய மாணவன் ஐயா சொன்னது. `+` போட்ட முகவரி வேலை செய்யும், ஆனால் ஒரு பக்கம்தான். `peyar+kadai@gmail.com` என்ற முழு முகவரிக்கே குப்பை மெயில் வந்தால் அது நல்ல தடயம். ஆனால் பட்டியல் வாங்கி விற்கிறவன் `+` இலிருந்து `@` வரைக்கும் வெட்டி எறிய ஒரே ஒரு வரி போதும்:

```
local = local.split("+")[0]
```

வெட்டிவிட்டு அனுப்பினால் மெயில் உங்கள் சாதாரண முகவரிக்கு வரும், எங்கிருந்து போனது என்று உங்களுக்குத் தெரியவே வராது. ஆகவே “இன்றுவரைக்கும் ஒருவனும் விற்கவில்லை” என்று நீங்கள் சொல்ல முடியாது ஐயா. வெட்டாமல் யாரும் அனுப்பவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். ஜீமெயில் முகவரிக்கு நடுவில் புள்ளி வைக்கிற உத்திக்கும் இதே கதிதான். எட்டு எழுத்துப் பேரில் ஏழு இடைவெளி, 128 விதமாகப் புள்ளி வைக்கலாம், ஆனால் புள்ளியையும் ஒரே வரியில் எடுத்துவிடலாம். சில தளங்கள் `+` ஐ ஏற்பதே இல்லை.

இப்போது கடலோரத்தெரு தம்பிக்கு மூன்று கேள்வி.

ஒன்று, அந்த மெயில் உண்மையாகவே அந்த முகவரிக்குத்தான் வந்ததா? மேலே தெரிகிற பெறுநர் வரியை நம்ப வேண்டாம். அது அனுப்பியவன் எழுதுவது, அவன் விரும்பியதை எழுதலாம். மெயிலின் மூலத்தைத் திறந்து, ஆக மேலே இருக்கிற `Received` வரியைப் பாருங்கள். அதை எழுதியது உங்களுடைய சேர்வர். கீழே போகப் போக மற்றவர்கள் எழுதியவை, பொய்யாகவும் இருக்கலாம்.

இரண்டு, உங்கள் டொமைனில் முன்பக்கம் எதைப் போட்டாலும் வந்து சேருமா, அல்லது நீங்கள் உருவாக்கிய முகவரிகள் மட்டும்தானா?

மூன்று, கடையின் பேரை அப்படியே போட்டீர்களா, பின்னால் ஏதாவது ஒட்டு உண்டா?

---

கடலோரத்தெரு · பெப்ரவரி 12

அண்ணா, பார்த்தன். டொமைனையும் கடையின்ர பேரையும் மட்டும் மாத்தி அப்பிடியே போடுறன்:

```
Received: from mail.example.net
        for <kadai@example.org>; Tue, 10 Feb
To: undisclosed-recipients:;
```

பெறுநர் வரியில என்ர முகவரியே இல்லை. ஆனா என்ர சேர்வர் எழுதின வரியில கடைக்குக் குடுத்த முகவரி இருக்கு.

ரெண்டாவதுக்கு: எதைப் போட்டாலும் வரும். ஒவ்வொரு முறையும் போய் உருவாக்கிற கரைச்சல் வேண்டாமெண்டு அப்பிடி வச்சிருக்கிறன். மூண்டாவதுக்கு: கடையின்ர பேர் மட்டும்தான், ஒட்டு இல்லை.

---

ரிஸ்வி தெஹிவளை · பெப்ரவரி 12

எனக்கும் இந்தத் தொல்லைதான். நாளைக்கு ஏழெட்டு எஸ்எம்எஸ். லீசிங், டியூஷன், காணி, எல்லாம் வருது. போன்ல எந்த செட்டிங்கை மாத்தினா நிக்கும் என்டு யாராவது சொல்லுங்க.

---

தபால்காரன் · பெப்ரவரி 12

ரிஸ்வி நானா, இங்கே பேசுவது மெயில் முகவரியைப் பற்றி. எஸ்எம்எஸ் வருவது போன் நம்பருக்கு, கடைக்கொரு நம்பர் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதற்குத் தனி இழை ஒன்று திறந்தால் தெரிந்தவர்கள் வருவார்கள்.

தம்பி, உங்கள் பதிலைப் பார்த்தால் தடயம் இருக்கிறது, ஆனால் பலமில்லை. காரணம் சொல்கிறேன்.

எதைப் போட்டாலும் வந்து விழுகிற டொமைன் என்றால் யாரும் ஊகித்து அனுப்பலாம். `info@`, `sales@`, `admin@` என்று பட்டியல் வைத்துக்கொண்டு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையின் பேரும் அப்படி ஒரு பட்டியலில் இருக்கக் கூடிய சொல்தான். உங்கள் பெட்டியில் அதே கிழமை வந்த குப்பை மெயில்களை எடுத்து, எந்தெந்த முகவரிக்கு வந்தவை என்று பாருங்கள். அதே காணிக்காரனே `info@` க்கும் அனுப்பியிருந்தால் அது ஊகம், கடையை விட்டுவிடலாம். கடை முகவரிக்கு மட்டும் வந்திருந்தால் கடைப் பக்கம் சந்தேகம் கூடும்.

அப்படிக் கூடினாலும் “விற்றார்கள்” என்ற இடத்துக்குப் போய்விடக் கூடாது. 2012 யூலையில் நடந்தது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கிறது. டிராப்பாக்ஸுக்கு மட்டுமே என்று தனி முகவரி கொடுத்திருந்தவர்களுக்கு அந்த முகவரியிலேயே சூதாட்டத் தளங்களின் மெயில் வரத் தொடங்கியது. அவர்கள் முறையிட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. விசாரித்தபோது யாரும் விற்றிருக்கவில்லை. ஊழியர் ஒருவருடைய கடவுச்சொல் வேறொரு தளத்திலிருந்து திருடுபோயிருந்தது, அதே சொல்லை அவர் இங்கேயும் பாவித்திருந்தார், அவருடைய கணக்கில் பாவனையாளர்களின் மெயில் முகவரிகள் உள்ள ஆவணம் ஒன்று கிடந்தது. அதோடு முடியவும் இல்லை. 2016இல்தான் ஏறத்தாழ 6 கோடி 80 லட்சம் கணக்குகளின் முகவரிகளும் குறியாக்கிய கடவுச்சொற்களும் வெளியே வந்தன, போனதோ 2012இல். தனி முகவரி வைத்திருந்தவர்களுக்கு நாலு வருடத்துக்கு முன்பே மணி அடித்துவிட்டது. ஆனால் அந்த மணி எங்கிருந்து போனது என்று சொன்னதே தவிர, எப்படிப் போனது என்று சொல்லவில்லை.

---

கடலோரத்தெரு · பெப்ரவரி 13

அந்தக் கிழமை `info@` க்கு மூண்டும் `sales@` க்கு ஒண்டும் வந்திருக்கு. எல்லாம் வெளிநாட்டுக் குப்பை. காணிக்காரன்ர மெயில் கடை முகவரிக்கு மட்டும்தான்.

கடைக்குப் போன் எடுத்தன். மனேஜர் மரியாதையாத்தான் கதைச்சார். “நாங்கள் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை” எண்டார். பொய் சொல்றமாதிரித் தெரியேல்லை. இனி என்ன செய்யலாம்?

---

தபால்காரன் · பெப்ரவரி 13

அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒரு சேர்ட் வாங்கும்போது உங்கள் முகவரி எத்தனை கைக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடையின் தளம், அதை நடத்துகிற ஹோஸ்டிங் ஆட்கள், விளம்பர மெயில் அனுப்பித் தருகிற கம்பனி, கார்ட் பணம் எடுக்கிற இடம், கூரியர். இத்தனை பேருக்கும் கடையிடம் கொடுத்த அதே ஒரு முகவரிதான் போயிருக்கிறது. அதை வைத்து இவர்களில் யார் என்று பிரிக்க முடியாது.

பிரிக்க வேண்டுமானால் முகவரியைக் கடைவாரியாக அல்ல, பாதைவாரியாகப் பிரியுங்கள். அதே கடையில் மூன்று பதிவு. ஒன்றில் விளம்பர மெயிலுக்கு மட்டும் பெயர் கொடுங்கள், எதையும் வாங்க வேண்டாம். இன்னொன்றில் வாங்கி, நேரே கடைக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் வாங்கி வீட்டுக்குக் கூரியரில் எடுங்கள். இரண்டு ஓடருக்கும் கையில் காசாகவே கொடுங்கள், அப்போது கார்ட் பாதை இதில் கலக்காது. பதிவுகளுக்கு வேறு வேறு போன் நம்பர் வேண்டும், இல்லாவிட்டால் கடையின் மென்பொருள் மூன்றையும் ஒருவர் என்று சேர்த்துவிடக் கூடும்.

முகவரியின் பின்னால் யாராலும் ஊகிக்க முடியாத ஒட்டுப் போடுங்கள். `kadai-h7k2@` மாதிரி. எழுத்தும் இலக்கமுமாக நாலு இடம் என்றால் பதினாறு லட்சத்துக்கு மேல் சேர்க்கை வரும். அதைக் குருட்டடியாக அடித்துப் பிடிக்க வருகிறவன் உங்கள் பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் வருவான், உங்களுக்குத் தெரியாமல் போகாது.

---

சுபா கொட்டாஞ்சேனை · பெப்ரவரி 14

எனக்கு இதுல ரெண்டு பயம் இருக்கு, தபால்காரன் அண்ணா.

நான் போன வருஷம் ஒரு வங்கிக்கு அவங்க பேரையே முன்னால போட்டு முகவரி குடுத்தேன். கவுண்டர்ல இருந்த பிள்ளை அதைப் பார்த்திட்டு “நீங்க எங்க ஸ்டாஃபா?”ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். அப்போ எங்க பேரை எப்படிப் பாவிக்கலாம்னு மேலதிகாரிகிட்ட கொண்டு போயிட்டாங்க. அரை மணித்தியாலம் நின்னேன். கடைசியில சாதாரண ஜீமெயிலைக் குடுத்திட்டு வந்தேன்.

மத்தது, அந்த முகவரிக்கு வந்த மெயிலுக்கு நான் பதில் போட்டா எந்த முகவரியில இருந்து போகும்? ஒரு தடவை ஒரு கடைக்குப் பதில் போட்டேன், என்னோட சொந்த முகவரிதான் போய்ச் சேர்ந்திருக்கு.

---

தபால்காரன் · பெப்ரவரி 14

சுபா, வங்கிக்கு அவர்கள் பேரைப் போடாதீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் போட்டு, எது யாருக்கு என்று கடவுச்சொல் பெட்டகத்தில் குறித்து வையுங்கள். கவுண்டரில் வாயால் சொல்ல வேண்டிய இடங்களுக்குச் சுருக்கமான சொல் நல்லது. ஒட்டை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது பிழையாகத் தட்டிவிடுவார்கள்.

இரண்டாவது பயம் சரியான பயம்தான். பதில் போடும்போது அனுப்புநர் முகவரியை மாற்றாவிட்டால் சொந்த முகவரிதான் போகும். அதன் பிறகு அந்தக் கடை விஷயத்தில் உங்கள் தடயம் செத்துப்போனது. சிம்பிள்லாகின், addy.io மாதிரிச் சேவைகள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். வருகிற மெயிலுக்கு இடையில் ஒரு திருப்பு முகவரியை வைத்துத் தரும், நீங்கள் வழக்கம்போலப் பதில் போட்டால் கடைக்குத் தெரிவது தனி முகவரி மட்டும். ஃபயர்பாக்ஸ் ரிலேயும் இருக்கிறது, இலவசமாகவும் சில முகவரி தருகிறார்கள். ஆனால் இந்தச் சேவைகளின் டொமைன்களைக் கண்டதும் பதிவு செய்ய விடாத தளங்களும் உண்டு.

சொந்த டொமைன் வைத்திருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வருடக் காசு கட்டாமல் டொமைன் கைமாறினால், வாங்குகிறவன் கையில் உங்கள் எல்லாத் தளத்தினதும் கடவுச்சொல் மீட்கிற மெயில் விழும். இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். டொமைன் வாங்கிய இடத்தின் கணக்கை மட்டும் அந்த டொமைனிலேயே வைக்காதீர்கள்.

---

பழைய மாணவன் · பெப்ரவரி 14

சட்டம் இருக்குத்தானே? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். கடைக்கு எதிரா வழக்குப் போடலாம்.

---

சுபா கொட்டாஞ்சேனை · பெப்ரவரி 15

ஐயா, நான் ஒரு சட்டத்தரணிகிட்ட எழுதுவினைஞரா இருக்கேன். சட்டம் இருக்கு, ஆனா அதோட முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 நடைமுறைக்கு வர இருந்து, பிறகு தள்ளிப் போனது. வழக்குக்கு முன்னால கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேக்கலாம்: என்னோட முகவரியை யார் யாருக்குக் குடுத்தீங்க, எதுக்குக் குடுத்தீங்கன்னு. அந்தக் கடிதத்துல “வித்தீங்க”ன்னு எழுதிடாதீங்க. கைல இருக்கிறது ஒரு மெயில் மட்டும்தான்.

---

கடலோரத்தெரு · யூன் 20

நாலு மாசத்துக்குப் பிறகு வாறன், மன்னிக்கவும். தபால்காரன் அண்ணா சொன்ன மாதிரியே செய்தன். மூண்டு பதிவு, மூண்டு முகவரி, மூண்டுக்கும் வேற வேற ஒட்டு. என்ர நம்பர், அக்கான்ர நம்பர், அலுவலக நம்பர். பெப்ரவரி 20 ஒரு சேர்ட்டைக் கடைக்குப் போய்க் கையில எடுத்தன். அதே நாள் ஓடர் பண்ணின மற்றது ரெண்டு நாளால கூரியரில வீட்டுக்கு வந்தது.

மார்ச் 12 காலமை பெட்டியைத் திறந்தா, அதே காணிக் கம்பனி. வந்தது கூரியரில எடுத்த முகவரிக்கு. ஏப்ரலில ரெண்டு தரம் திரும்பவும் அதுக்கே. மே மாசம் ஒரு வாகன லீசிங் விளம்பரம், அதுவும் அதுக்கே. விளம்பர மெயிலுக்குக் குடுத்த முகவரிக்குக் கடையின்ர மெயிலைத் தவிர ஒண்டும் இல்லை. கையில எடுத்ததுக்கு ரசீது மட்டும்தான் வந்தது. `info@` மாதிரி முகவரியளுக்கு இவங்கள் ஒருத்தரும் அனுப்பேல்லை.

மூண்டையும் ஒரு தாளில எழுதிக்கொண்டு போன சனிக்கிழமை நேரே கடைக்குப் போனன். மனேஜர் கோபப்படேல்லை. தானும் பார்க்க வேணுமெண்டு, கூரியருக்கு அனுப்புற எக்செல் தாளைக் கணினியில திறந்து காட்டினார். பேர், விலாசம், நகரம், போன், எடுக்க வேண்டிய காசு, பொருளின்ர நிறை. அதுக்குப் பக்கத்தில மெயில் முகவரிக்கும் ஒரு நிரல். “இது ஏன் இதுக்குள்ள?” எண்டு அவரே கேட்டார். தளத்தில இருந்து ஓடர்களை இறக்கினா எல்லா நிரலும் சேர்ந்துதான் வருமாம், பொடியன் அதை அப்பிடியே அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறான். பின்னேரம் அஞ்சு மணிக்கு, ஒவ்வொரு நாளும், மூண்டு வருசமா.

எனக்கு முன்னாலயே அந்த நிரலை அழிச்சுச் சேமிச்சார்.

---

பழைய மாணவன் · யூன் 20

அப்ப கூரியர்க்காரன்தான் வித்தது. முடிஞ்சுது.

---

தபால்காரன் · யூன் 20

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. வாசிக்கவே சந்தோஷமாக இருந்தது.

ஐயா, இன்னும் முடியவில்லை. கூரியர் பாதையில்தான் போயிருக்கிறது என்பது இப்போது பலமான ஊகம். ஆனால் அந்தப் பாதை கடைக்குள்ளேயே தொடங்குகிறது. தாளைத் தயாரிக்கிற பொடியனுடைய கணினி, அதை அனுப்புகிற மெயில் கணக்கு, கூரியரில் அதைத் திறக்கிறவர், அங்கே அது பதிவேறுகிற மென்பொருள், எல்லாம் அந்தப் பாதையில் இருக்கிறவைதான்.

தம்பி, அந்தத் தாள் எதனூடாகப் போகிறது? மெயிலிலா?

---

கடலோரத்தெரு · யூன் 21

இல்லை அண்ணா. வட்ஸ்அப் குழு ஒண்டில போடுறாங்கள். நான் பார்க்கேக்க அதில முப்பத்தி நாலு பேர். பாதிப் பேர் யாரெண்டு மனேஜருக்கே தெரியேல்லை. வேலையை விட்டுப் போன ஆக்களையும் எடுக்கேல்லை எண்டார்.

காணிக்காரனுக்கும் எழுதிக் கேட்டன், என்ர முகவரி எங்க கிடைச்சது எண்டு. ரெண்டே வரியில பதில் வந்தது: “டேட்டாபேஸ்” ஒண்டு ஒருத்தரிட்ட வாங்கினதாம், பேர் சொல்ல ஏலாதாம். கூரியர்க் கம்பனிக்கும் எழுதினன், பதில் இல்லை.

---

ரிஸ்வி தெஹிவளை · யூன் 21

பெப்ரவரியில நான் கேட்டது வேற, ஆனா இப்ப விளங்குது. நானும் ஒன்டு செஞ்சு பார்த்தேன். ஓடர் போடுற நேரம் பேருக்குப் பின்னால ஒவ்வொரு கடைக்கும் ஒரு இனிஷலை மாத்திப் போட்டேன். பார்சல் ஒட்டுத்தாள்ல அது அப்படியே அச்சாகி வரும். போன மாசம் ஒரு டியூட்டரியிலிருந்து வட்ஸ்அப்ல மெசேஜ், “அன்புள்ள” என்டு போட்டுப் பேரும் அந்த இனிஷலும். சப்பாத்து வாங்கின கடைக்கு மட்டும் குடுத்த இனிஷல். போன் நம்பரை மாத்தாமலே ஆளைப் பிடிக்கலாம்தானே?

---

தபால்காரன் · யூன் 21

பிடிக்கலாம் நானா. நம்பரும் பேரும் ஒன்றாகப் போகிற பட்டியல் என்றால் நல்ல உத்தி அது. பிப்ரவரியில் உங்களை வேறு இழைக்கு அனுப்பப் பார்த்தது என் பிழை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். ஒட்டுத்தாள் பார்சலின் வெளியே இருக்கிறது. கொண்டு வருகிறவர், கீழே வாங்கி வைக்கிற காவலாளி, குப்பையில் பெட்டியை எடுக்கிறவர் எல்லாரும் அதை வாசிக்கலாம். மெயில் முகவரி ஒட்டுத்தாளில் வராது. உங்கள் இனிஷல் அதைவிட அகலமான வலை.

---

சுபா கொட்டாஞ்சேனை · யூன் 22

கடலோரத்தெரு தம்பி, அந்தக் கூரியர் முகவரியை இப்போ மூடிட்டீங்களா? நான்னா உடனே மூடியிருப்பேன்.

---

கடலோரத்தெரு · யூன் 22

மூடத்தான் போனன், அக்கா. தபால்காரன் அண்ணா தனிமடலில வேண்டாமெண்டார். அந்த முகவரிக்கு வாறதை எல்லாம் தனிக் கோப்புறைக்குள்ள போக விட்டிருக்கிறன். கடை அந்த நிரலை அழிச்சது யூன் 13. அண்டைக்கு முந்தின தாள்கள் ஏற்கனவே வெளியில இருக்கு, அதால பழைய முகவரிக்கு இனியும் வரும். அதை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. நேற்று புது ஒட்டோட நாலாவது முகவரி ஒண்டு போட்டு, கூரியரிலயே இன்னொரு சேர்ட் ஓடர் பண்ணியிருக்கிறன். பார்சல் புதன்கிழமை வருமாம். அந்த முகவரிக்கு ஏதும் வந்தா, தாளில இருந்து போகேல்லை எண்டு அர்த்தம். அப்ப மனேஜரிட்ட திரும்பவும் போவன்.